தந்தை பெயர்: தெரியாது

பிறந்த குழந்தையை யாரோ பொது இடத்தில் விட்டுச் சென்றுவிட்டால், அந்தப் பிறப்பைப் பதிவு செய்யத் தகவல் தர வேண்டியவர் யார் என்பதை 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதன் 8ஆம் பிரிவின்படி கிராமத்தில் அந்தப் பொறுப்பு ஊர்த் தலைமை அலுவலருடையது. மற்ற இடங்களில் காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியுடையது. குழந்தையைக் கண்டவர் இவர்களிடம் தெரிவித்தாக வேண்டும். 2023இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, காப்பகத்தில் வளரும் அநாதைக் குழந்தைகள், கைவிடப்பட்ட குழந்தைகள், பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் ஆகியோருக்காக அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளரும் தகவல் தரலாம் என்று சேர்க்கப்பட்டது. ஆகவே, பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வழியே இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. வழி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் அடையாள அட்டைகளிலும் பிற்காலத்தில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும், அந்த வழியில் உரிய நாளில் யாரும் போகாததால் வருபவை.

நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு குழந்தையைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு ஜூன் மாத விடியற்காலையில், துப்புரவுப் பணியாளர் ஒருவர் துண்டில் சுற்றிய பெண் குழந்தையைப் பார்க்கிறார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் செய்தி போகிறது, காவலர்களும் வருகிறார்கள். பெற்றோர் இன்றித் தனியே இருக்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கட்டளை. தெரிவிக்காமல் தாமே வைத்துக்கொள்வது குற்றம்; 6 மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இரக்கப்பட்டு எடுத்துச் சென்று வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அப்படி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்தான் பின்னாளில் ஒரு காகிதமும் கையில் இல்லாமல் நிற்பவர்கள்.

குழந்தை முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே மருத்துவர் எழுதும் குறிப்பே அவளுடைய பிறந்தநாளாக மாறும் என்பதால், அந்தக் குறிப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. தொப்புள்கொடி இன்னும் ஈரமாக இருக்கிறதா, காயத் தொடங்கிவிட்டதா, உதிர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். கொடி பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில் விழுந்துவிடும். கொடியின் நிலை, தோல், எடை ஆகியவற்றைக் கொண்டு வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். இந்தக் குழந்தைக்குக் கொடி ஈரமாகவே இருக்கிறது. வயது இரண்டு நாள் என்று மருத்துவர் எழுதுகிறார். கண்டெடுத்த நாள் ஜூன் 5 என்றால், பிறந்த நாள் ஜூன் 3.

கண்டெடுக்கப்படும்போதே ஐந்தாறு வயதான குழந்தைக்கு இந்த வசதி இல்லை. பல் முளைத்திருக்கும் நிலை, மணிக்கட்டு எலும்பின் எக்ஸ்ரே ஆகியவற்றை வைத்தே வயது கணிக்கப்படும். எலும்புப் பரிசோதனையில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிழை வரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு இதற்கொரு முடிவு கட்டுகிறது. பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் இல்லாதபோது மருத்துவச் சோதனையின் அடிப்படையில் குழந்தைகள் நலக் குழு பதிவு செய்யும் வயதே, அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு உண்மையான வயது என்று அது சொல்கிறது. எனவே குழு எழுதிய தேதி ஒன்று, காப்பகம் எழுதிய தேதி ஒன்று, பள்ளி எழுதிய தேதி ஒன்று என்று மூன்று தேதி இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது குழுவின் ஆணையைத்தான்.

கண்டெடுத்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தையை அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழு ஓர் ஆணை பிறப்பித்துக் குழந்தையைச் சிறப்புத் தத்து மையத்தில் சேர்க்கிறது. கோப்பு இங்கேதான் திறக்கப்படுகிறது. கண்டெடுத்த இடம், நேரம், சுற்றியிருந்த துணி, கழுத்திலோ இடுப்பிலோ கட்டியிருந்த கயிறு, உடலில் இருந்த மச்சம், அருகே கிடந்த பை என எல்லாம் இதில் எழுதப்பட வேண்டும். “ஒரு பெண் குழந்தை கண்டெடுக்கப்பட்டது” என்ற ஒரே வரியுடன் நிற்கும் கோப்புகளும் உண்டு. அது பெரிய அநியாயம். தான் யார் என்று முப்பது வயதில் தேடி வரும் ஒருவருக்குத் தன் தொடக்கம் பற்றிக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சியம் அந்தக் குறிப்புத்தான்.

அதன்பின் பெற்றோரைத் தேடும் காலம். குழந்தையின் படமும் விவரமும் செய்தித்தாளில் வெளியிடப்படும், காவல்துறை விசாரிக்கும். இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு நான்கு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. யாரையும் கண்டறிய முடியவில்லை என்று காவல்துறை எழுதிக் கொடுத்ததும், குழு கூடி அந்தக் குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு உரியவள் என்று அறிவிக்கிறது. இதற்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்களின் முடிவு வேண்டும்.

தத்துப் போகும் குழந்தைக்குப் பெயர்ச் சிக்கல் இந்த இடத்தோடு தீர்ந்துவிடுகிறது. மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பித்த பிறகு, தத்தெடுத்தவர்களையே பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்படும். பிறந்த தேதியும் ஆணையில் உள்ளபடியே இருக்கும். பள்ளிக்குப் போகும் நாளில் அந்தப் பிள்ளையும் மற்ற பிள்ளைகளைப் போலவே அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிற்கும்.

தத்துப் போகாமல் காப்பகத்திலேயே வளரும் குழந்தைகளின் கதை வேறு. உடல்நலக் குறைவு காரணமாகச் சிலர், வயது கூடிவிட்டதால் சிலர், எடுக்க யாரும் முன்வராததால் சிலர் என்று அங்கேயே தங்கிவிடுகிறார்கள். திண்டுக்கல் குழந்தையும் அப்படித் தங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மையத்துச் செவிலியர் அவளைக் கயல்விழி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார். அந்தப் பெயரே நிலைக்கிறது.

இப்போது பிறப்புப் பதிவுக்குத் திரும்பலாம். பிறந்த 21 நாளுக்குள் தகவல் தர வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 30 நாள் கடந்தால் உரிய அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் முன்பு முதல் வகுப்பு நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023 திருத்தத்துக்குப் பின் மாவட்ட ஆட்சியர், உட்கோட்ட அளவிலான நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் அந்த ஆணையைத் தருகிறார். குழந்தையின் கோப்பு அப்போதுதான் திறந்திருக்கிறது, மருத்துவர் குறிப்பு கையில் இருக்கிறது, காவல் நிலையத்துக்கும் நினைவிருக்கிறது என்கிற முதல் சில வாரங்களில் இது எளிய வேலை. பத்து ஆண்டு கழித்து, மையத்தின் பொறுப்பாளர் பலமுறை மாறிய பிறகு, இதே வேலை மலையாகிவிடும்.

அந்தப் பதிவில் தந்தை, தாய் பெயருக்கான இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: தெரியாததை எழுதக் கூடாது. அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். அதை நிரப்ப வேண்டும் என்ற பதற்றமே எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பதற்றம் கூடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. அதே சட்டம் ‘காப்பாளர்’ என்ற சொல்லுக்குக் குழந்தையைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்று விரிவான பொருள் தருகிறது. எனவே காப்பகப் பொறுப்பாளர் காப்பாளராகக் கையெழுத்திட்டுக் கயல்விழியைச் சேர்க்கத் தடையில்லை. தடை வருவது படிவத்தில். கணினிப் படிவத்தில் தந்தை பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாத நிலை வந்தால், அவசரத்தில் இருக்கும் அலுவலர் எதையாவது தட்டச்சு செய்துவிடுகிறார். சில இடங்களில் ‘தெரியாது’, சில இடங்களில் மூன்று எக்ஸ் குறி, சில இடங்களில் ஒரு புள்ளி. அது அப்படியே மாற்றுச் சான்றிதழில் அச்சாகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை புதிய பள்ளியில் அந்தத் தாளை நீட்டும்போது, வாசிக்கும் எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு பிள்ளை அந்தப் பார்வையை வாழ்நாளில் எத்தனை முறை தாங்க வேண்டும் என்பதைப் படிவம் வகுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கெடுதலானது, இரக்கத்தால் நடக்கும் தவறு. காப்பகப் பொறுப்பாளரின் பெயரையே தந்தை பெயராக எழுதிவிடுவார்கள். முதல் வகுப்பில் இது நல்ல தீர்வுபோலத் தெரியும். ஆனால் பொறுப்பாளர் மாறுவார். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது புதியவரின் பெயர் ஏறும். ஆதாரில் இன்னொரு பெயர் இருக்கும். கடைசியில் ஒரே பிள்ளைக்கு மூன்று தந்தைகள் காகிதத்தில் இருப்பார்கள். 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், மணமாகாத தாயின் மகனுக்கு ஆவணங்களில் தந்தை பெயர் இப்படி வெவ்வேறாக இருந்தது. தந்தை பெயரை நீக்கித் தாய் பெயரை மட்டும் வைத்துச் சான்றிதழ் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கே தாய் இருந்தார். அவர் பெயரைப் பற்றிக்கொள்ள முடிந்தது. கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை. அதனால் அவளுடைய ஆவணங்களில் ‘காப்பாளர்’ என்ற கட்டம் இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவதும், முடிந்தவரை தனி மனிதரின் பெயரோடு நிற்காமல் பதவியையும் காப்பகத்தையும் குறிப்பிடுவதும், பெற்றோர் கட்டத்தை விட்டுவிடுவதுமே பாதுகாப்பான வழி. ஆள் மாறினாலும் பதவி மாறாது.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு முடிச்சு இனிஷியல். வட மாநிலங்களில் குடும்பப் பெயர் கேட்பார்கள். இங்கே முன்னெழுத்துக் கேட்பார்கள். இனிஷியல் இல்லாத பெயரை வகுப்பறையும் வங்கியும் அரைகுறைப் பெயராகவே பார்க்கின்றன. காப்பகத்தின் பெயரிலிருந்தோ ஊரின் பெயரிலிருந்தோ ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வதுண்டு. அதில் தவறில்லை, ஆனால் அந்த எழுத்தின் விரிவு எது என்று முதல் ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘தி. கயல்விழி’ என்று மட்டும் எழுதிவைத்தால், வங்கிக் கணக்குத் தொடங்கும்போது ‘தி’ என்றால் என்ன என்று கேட்பார்கள்; ஆளுக்கு ஒரு விரிவு எழுதப்படும்; பெயர் பொருந்தவில்லை என்று பல்வேறு கணினிகள் திருப்பி அனுப்பும். குழுவின் ஆணையிலேயே முழுப் பெயரையும் இரண்டு சொற்களாக எழுதச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

ஒற்றைச் சொல் பெயருக்கு வெளிநாட்டுப் பயணத்திலும் தடை உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. தந்தை பெயரே இல்லாதவருக்கு அந்தத் தளர்வால் பயன் இல்லை.

ஆதாரைப் பொறுத்தவரை வழி ஓரளவு சீராக உள்ளது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றிதழை ஆவணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் காப்பகங்கள் மறக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் நல்ல மாற்றம் ஒன்றைச் செய்தது. பெற்றோர் இருவர் பெயரும் கட்டாயம் என்ற நிலை போய், தந்தை, தாய், சட்டப்படியான காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத அநாதைக் குழந்தைகளுக்குக் காப்பகத் தலைவர் தன் அலுவலகக் கடிதத்தாளில் எழுதித் தரும் உறுதிமொழி ஏற்கப்பட்டது. ஆனால் 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பது என்று 2025இல் விதி மாறிவிட்டது. ஆக, இனிமேல் கண்டெடுக்கப்படும் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு விட்டுப்போனால் பின்னால் கைகொடுக்க வேறு காகிதம் இல்லை.

வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான 6ஆம் எண் படிவம் ஒரு நல்ல முன்மாதிரி. அதில் உறவினர் பெயர் கேட்கும் இடத்தில் தந்தை, தாய், கணவர், மனைவி ஆகியவற்றோடு, அநாதையாக இருந்தால் சட்டப்படியான காப்பாளர், மூன்றாம் பாலினத்தவராக இருந்தால் குரு என்றும் தெரிவுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. யாரிடமும் கெஞ்சாமல் ஒரு குறி போட்டால் வேலை முடிந்தது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தையும் பொதுத்தேர்வுப் படிவத்தையும் இதே போல் மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

சாதிச் சான்றிதழ் அடுத்த கேள்வி. பெற்றோர் தெரியாதவருக்குச் சாதி எப்படித் தெரியும்? தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இதற்கென ஒரு பதிவே உள்ளது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுவார்கள். மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சலுகை கைநழுவிப் போவது இதனால்தான். காப்பகத்தில் சேர்ந்த தேதியைக் காட்டும் குழு ஆணை இங்கேயும் வட்டாட்சியர் கேட்கக்கூடிய முதல் ஆவணம்.

குடியுரிமையில் மட்டும் சட்டமே மௌனமாக இருக்கிறது. 2004 டிசம்பர் 3க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகனாக வேண்டுமென்றால், பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். பெற்றோரே தெரியாத குழந்தையைப் பற்றி 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், கைவிடப்பட்ட நிலையில் அந்நாட்டில் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, குடியுரிமைக்கான தகுதியுடன் அங்கே பிறந்ததாகவே கொள்கிறது. இந்தியாவிலும் அப்படி ஒரு வரியைச் சேர்ப்பது நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை.

மற்றவை எல்லாம் பள்ளியும் காப்பகமும் நினைத்தால் இன்றே செய்யக்கூடியவை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர் பெயர்ப்பட்டியல் அனுப்பும் வேளை இதில் முக்கியமானது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றைத் தலைமையாசிரியர் தம் அளவில் சரிசெய்ய முடிகிற கடைசிக் கட்டம் அதுவே. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து, ஆதாரம் காட்டிக் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளை என்றால் பெற்றோர் வந்து பட்டியலைப் பார்த்துச் சரியென்று சொல்வார்கள். காப்பகப் பிள்ளைக்காக ஆசிரியரே குழுவின் ஆணையையும் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பதினெட்டு வயதில் காப்பகத்தை விட்டு வெளியேறும் நாளில், குழு ஆணையின் நகல், தத்துக்கு உரியவர் என்ற அறிவிப்பு, பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகிய எல்லாமே பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். மேற்பராமரிப்பு என்ற பெயரில் 21 வயது வரை உதவி தரச் சட்டத்தின் 46ஆம் பிரிவு இடம் தருகிறது. விடுபட்ட ஆவணங்களை முடிக்க அந்த மூன்று ஆண்டுகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நகல் எதுவும் தரப்படாமல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்கள், தாம் வளர்ந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த ஆண்டு, காப்பகத்தின் பெயர், அப்போது அழைக்கப்பட்ட பெயர் ஆகிய மூன்றையும் மனுவில் குறிப்பிட்டால் கோப்பைத் தேடுவது எளிதாகும்.